தனி ஊசல் ரெக்கார்டு: தமிழில் எழுதும்போது சொல்லும் அலகும் பிசகாமல் இருக்க

"20 அலைவுகளுக்கான அலைவு நேரம் = 40.2 வி."

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவரின் ரெக்கார்டு நோட்டில் இருந்த வரி இது. நூலைச் சரியாகக் கட்டியிருந்தார், அலைவுகளைச் சரியாக எண்ணியிருந்தார், நிறுத்துக் கடிகாரத்தையும் சரியாகப் பார்த்திருந்தார். ஆனால் பக்கத்தின் அடியில் புவிஈர்ப்பு முடுக்கம் g = 0.0244 என்று வந்து நின்றது. வர வேண்டியதில் நானூறில் ஒரு பங்கு. கணக்குப் போடத் தெரியாததால் வந்த பிழை இல்லை. "அலைவு நேரம்" என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம். ஆங்கில வழியில் இதை டைம் பீரியட் என்கிறார்கள், குறியீடு T. இருபது அலைவுகளுக்கு ஆன நேரத்துக்கும் அதே பெயரை அவர் வைத்துவிட்டார். பெயர் ஒன்றாக இருந்ததால் 40.2-ஐயே T என்று எடுத்து g = 4π²L/T² என்ற வாய்பாட்டில் போட்டுவிட்டார். 20-ஆல் வகுக்க விட்டது, வர்க்கத்தில் 400 மடங்காகப் பெருகியது.

தமிழ் வழியில் முதன்முறையாகச் செய்முறை ரெக்கார்டு எழுதுகிறவர்களுக்கும், பத்தாம் வகுப்பு வரை ஆங்கில வழியில் படித்துவிட்டு இப்போது தமிழ் வழிக்கு வந்தவர்களுக்கும், இந்த ஒரு சோதனையை வைத்தே எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் கொண்டு g காண்பது ஒரு பாடம். கருவிகள் குறைவு, வாய்பாடு ஒன்றுதான். அதனால் சொல்லும் அலகும் எங்கே வழுக்குகின்றன என்பது பளிச்சென்று தெரியும்.

முதலில் ஒரு சொற்பட்டியல்

ரெக்கார்டைத் திறக்கும் முன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல், ஆங்கில வழிப் புத்தகத்தில் உள்ள சொல், குறியீடு, அலகு. தனி ஊசலுக்கு இவ்வளவு போதும்:

| தமிழ்ச் சொல் | ஆங்கில வழியில் | குறியீடு | அலகு |
|---|---|---|---|
| ஊசலின் நீளம் | லென்த் ஆஃப் த பெண்டுலம் | L | m |
| அலைவு | ஆசிலேஷன் | இல்லை | இல்லை |
| 20 அலைவுகளுக்கான நேரம் | டைம் ஃபார் 20 ஆசிலேஷன்ஸ் | t | s |
| அலைவு நேரம் | டைம் பீரியட் | T | s |
| புவிஈர்ப்பு முடுக்கம் | ஆக்சிலரேஷன் டியூ டு கிராவிட்டி | g | m s⁻² |

இரண்டாம் பத்தியை உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தேர்வில் கேள்வி கேட்கிறவர் உங்கள் ஆசிரியராக இல்லாமலும் இருக்கலாம். அவர் வாயில் "டைம் பீரியட்" என்று வந்தால், அது உங்கள் ரெக்கார்டில் எந்த வரி என்று உடனே விரல் வைக்கத் தெரிய வேண்டும்.

பட்டியலில் ஏறிய சொல்லை அதன் பிறகு மாற்றக் கூடாது. பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரெக்கார்டில் அந்தப் பழக்கம்தான் முதல் எதிரி. செய்முறையில் "அலைவு", அட்டவணையில் "அதிர்வு", முடிவில் "ஊசலாட்டம்" என்று எழுதினால், படிப்பவர் மூன்றும் ஒன்றா வேறா என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒலியியல் பாடத்தில் "அதிர்வு" வேறு இடத்தில் வரப்போகிறது என்பதால், இங்கே அலைவு என்று ஆரம்பித்தால் கடைசி வரை அலைவுதான்.

அலைவு என்றால் என்ன என்பதையும் பட்டியலுக்குக் கீழே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: குண்டு நடுநிலையைக் கடந்து, இரு பக்கமும் போய்வந்து, மறுபடி அதே திசையில் நடுநிலையைக் கடப்பது ஓர் அலைவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதையே ஓர் அலைவு என்று எண்ணிவிட்டால் T பாதியாகும், g நான்கு மடங்காகி 39-க்குப் பக்கத்தில் வரும். கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் உண்மையில் நடந்தது 19 அலைவுகள். அப்போது g சுமார் 10.8 என்று வரும். அழுத்தும் கணத்தில் "சுழியம்" என்று சொல்லித் தொடங்க வேண்டும். விடையைப் பார்த்தே எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று கண்டுபிடிக்க முடிவது இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

"ஊசலின் நீளம்" என்பதும் அப்படித்தான். பலர் "நூலின் நீளம்" என்று எழுதுகிறார்கள். L என்பது நூல் தொங்கும் புள்ளியிலிருந்து, அதாவது பிளந்த தக்கையின் அடிவிளிம்பிலிருந்து, குண்டின் மையம் வரை உள்ள நீளம். குண்டின் விட்டம் 2 cm என்றால் நூலும் கொக்கியும் சேர்ந்த நீளத்தோடு 1 cm ஆரத்தைக் கூட்ட வேண்டும். "நூலின் நீளம்" என்று எழுதினால் கை தானாக நூலை மட்டும்தான் அளக்கும். ஒரு மீட்டர் ஊசலில் அது நூற்றுக்கு ஒன்று குறைவு, 60 cm ஊசலில் இன்னும் அதிகம்.

எந்த ஊர்த் தமிழ் என்று பாருங்கள்

இணையத்தில் தேடி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இலங்கைப் பாடநூல்களிலும் அருமையான அறிவியல் தமிழ் இருக்கிறது. ஆனால் அது வேறொரு சொல்தொகுதி. நாம் முடுக்கம் என்பதை அவர்கள் ஆர்முடுகல் என்கிறார்கள். நாம் வினாடி என்பது அங்கே செக்கன். இவை பார்த்ததுமே வேறு என்று தெரிந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. ஆபத்து, இரு இடத்திலும் இருந்துகொண்டு வேறு பொருள் தரும் சொற்களில்தான் இருக்கிறது.

"நிறை" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது மாஸ், அலகு kg. இலங்கையில் மாஸுக்குத் திணிவு என்று பெயர். அங்கே "நிறை" என்றால் வெயிட், அதாவது நாம் எடை என்பது, அலகு N. "வேகம்" நமக்கு ஸ்பீடு, வெலாசிட்டி நமக்குத் திசைவேகம். அவர்களுக்கு வேகம்தான் வெலாசிட்டி, ஸ்பீடுக்குக் கதி என்பார்கள். இரண்டில் எதுவும் தவறில்லை. ஒரே ரெக்கார்டில் இரண்டையும் கலப்பதுதான் தவறு. ஒரு தளத்திலிருந்து ஒரு பத்தியை எடுக்கும்போது அதில் "திணிவு" என்றோ "செக்கன்" என்றோ இருந்தால், அந்தப் பத்தியில் வரும் "நிறை"யும் "வேகமும்" உங்கள் புத்தகத்துப் பொருளில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் மாறாமலே நம் பேச்சு வழக்கிலும் இந்தக் குழப்பம் உண்டு. கடையில் "எடை எவ்வளவு, அரை கிலோவா?" என்று கேட்கிறோம். அந்தப் பழக்கத்தில் "குண்டின் எடை 50 g" என்று எழுதிவிடுகிறோம். g என்ற அலகு வந்தால் சொல் நிறை. எடை என்று எழுதினால் அலகு N. அலகைப் பார்த்தே சொல்லைத் திருத்திவிடலாம்.

அலகின் குறியீட்டை மொழிபெயர்க்காதீர்கள்

கீழ் வகுப்புகளில் மீ, வி, கிகி என்று எழுதிப் பழகியிருப்போம். மேல்நிலை ரெக்கார்டில் m, s, kg என்று மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்.ஐ. முறையில் அலகின் பெயர் மொழிக்கு மொழி மாறலாம், குறியீடு மாறாது. மீட்டர் என்று தமிழில் எழுதுவது சரி. m என்பதோ சுருக்கெழுத்து அன்று, + அல்லது π போல ஒரு கணிதக் குறி. π-ஐ நாம் தமிழ்ப்படுத்துவதில்லை.

நடைமுறைக் காரணமும் உண்டு. "மி" என்று எழுதினால் அது மில்லியா, அவசரத்தில் நெடிலை விட்ட மீட்டரா? நேரத்துக்கு வினாடி, விநாடி, நொடி என்று மூன்று எழுத்து வழக்கு இருக்கிறது. பழைய கணக்கில் விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒன்று. நாழிகை 24 நிமிடம் என்பதால் அந்த விநாடி இன்றைய கணக்குக்கு 24 s ஆகும். s என்று எழுதிவிட்டால் இந்தச் சந்தேகம் எதற்கும் இடமில்லை.

குறியீடு எழுதுவதில் பெரிதும் சிறிதும் முக்கியம். s வினாடி, S வேறோர் அலகு. k ஆயிரம், K கெல்வின். ஆகவே Kg என்று எழுதக் கூடாது. sec, gm, cms என்பவையும் வேண்டாம், வாக்கிய முடிவில் அல்லாமல் குறியீட்டுக்குப் பின் புள்ளியும் வேண்டாம். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள்.

m-க்கும் s-க்கும் நடுவிலும் அந்த இடைவெளி வேண்டும். சேர்த்து எழுதினால் ms என்பது மில்லிவினாடி. புத்தகங்களிலேயே ms⁻² என்று ஒட்டி அச்சிடுவதைப் பார்க்கலாம், பழக்கத்தில் நாமும் புரிந்துகொள்கிறோம். இருந்தாலும் m s⁻² என்று பிரித்து எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. இந்தச் சோதனையில் g இரண்டு வேடத்தில் வருகிறது, முடுக்கமாகவும் கிராமாகவும். அச்சில் முடுக்கத்தின் g சாய்ந்திருக்கும், அலகு நிமிர்ந்திருக்கும். கையெழுத்தில் அந்த வேறுபாடு காட்ட முடியாது. அதனால் g என்ற அலகு எண்ணுக்குப் பின்னால் மட்டும், முடுக்கம் g சமக்குறிக்கு முன்னால் மட்டும் வருகிறபடி வாக்கியத்தை அமையுங்கள். நீளத்துக்குச் சிறிய l வேண்டாம், அது 1 போலவே தெரியும். L எழுதுங்கள்.

வேற்றுமை உருபு எங்கே ஒட்டும்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் இது. ஆங்கிலத்தில் குறியீடு தனியாக நிற்கும். நமக்கோ சொல்லோடு ஐ, இல், ஆல், க்கு எல்லாம் ஒட்டியாக வேண்டும். அப்படித்தான் "40.2sல்", "1mக்கு", "50gஐ" என்று நோட்டு முழுக்க முளைக்கிறது. "40.2sல்" என்பதைக் கையெழுத்தில் வேகமாகப் பார்த்தால் s எண்ணோடு சேர்ந்து 5 போலத் தெரியும். 40.25 என்று யாராவது படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வழி எளிது. குறியீட்டுக்குப் பின்னால் அந்த அளவின் பெயரை எழுதி, உருபை அந்தப் பெயரில் ஏற்றுங்கள். "40.2 s நேரத்தில்", "1.000 m நீளத்துக்கு", "50 g நிறையை". அளவு என்ன என்பதும் கூடவே சொல்லப்பட்டுவிடுகிறது. எண் இல்லாத இடத்தில் அலகின் பெயரைத் தமிழில் முழுதாக எழுதலாம்: "நீளத்தை மீட்டரில் குறிக்கவும்." எண்ணோடு வந்தால் குறியீடு, எண் இல்லாமல் வந்தால் முழுப்பெயர். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் செய்முறைப் பகுதி தானாகச் சீராகிவிடும்.

ஒரு வரியை மாற்றிக் காட்டுகிறேன். முன்பு இருந்தது: "நூலை 1mக்கு கட்டி 20 முறை ஆட விட்டு அலைவு நேரம் 40.2 secல் வந்தது." மாற்றியது: "ஊசலின் நீளம் L = 1.000 m என அமைக்கப்பட்டது. 20 அலைவுகளுக்கான நேரம் t நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கப்பட்டது, சராசரி 40.2 s. எனவே அலைவு நேரம் T = t/20 = 2.01 s." நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எந்தச் சொல்லையும் இரண்டு விதமாகப் படிக்க முடியாது.

அட்டவணையும் கணக்கும்

கோடு போடாத இடப்பக்கத்தில் பென்சிலால் அட்டவணை வரும். அலகைத் தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும், கட்டங்களில் வெறும் எண்.

| L (m) | t, முதல் முறை (s) | t, இரண்டாம் முறை (s) | t சராசரி (s) | T (s) | T² (s²) | L/T² (m s⁻²) |
|---|---|---|---|---|---|---|
| 0.600 | 31.1 | 31.3 | 31.2 | 1.56 | 2.43 | 0.247 |
| 0.800 | 35.9 | 36.1 | 36.0 | 1.80 | 3.24 | 0.247 |
| 1.000 | 40.1 | 40.3 | 40.2 | 2.01 | 4.04 | 0.248 |

உங்கள் ரெக்கார்டில் நீளப் பத்தியின் தலைப்பு "× 10⁻² m" என்று இருக்கக்கூடும். அப்படியானால் கட்டத்தில் 60.0, 80.0, 100.0 என்று எழுத வேண்டும். தலைப்பில் 10⁻²-ஐயும் வைத்துக் கட்டத்தில் 0.600 என்றும் எழுதினால் நூறு மடங்கு குறைந்துவிடும். இரண்டு வழியில் எது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்தி மூன்று நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு வரிசை மட்டும் விலகினால் அந்த வரிசையில் எண்ணியதோ அளந்ததோ பிழை. எல்லா வரிசையும் ஒன்றுபோல் இருந்தும் g தவறாக வந்தால், பிழை சொல்லிலோ அலகிலோதான். இந்த வேறுபாட்டை அறிந்து வைத்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.

கணக்கில் அலகையும் கூடவே இழுத்துக்கொண்டு போங்கள். L/T² சராசரி 0.247 m s⁻².

g = 4π² × (L/T²) = 39.48 × 0.247 m s⁻² = 9.75 m s⁻²

கால்குலேட்டர் இன்னும் நாலைந்து இலக்கம் காட்டும். 0.247 என்று மூன்று முக்கிய எண்ணுருக்கள் உள்ள எண்ணிலிருந்து வந்த விடைக்கும் மூன்றுதான். நீளத்தைச் சென்டிமீட்டரிலேயே வைத்திருந்தால் 975 வரும். அதுவும் சரியான விடைதான், cm s⁻² என்று எழுதியிருந்தால். 975-ஐ எழுதிவிட்டு, மனப்பாடத்தில் இருக்கும் m s⁻²-ஐப் பக்கத்தில் ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

தட்டச்சு செய்பவர்களுக்கு

சில பள்ளிகளில் அறிக்கையைக் கணினியில் அடித்துத் தரச் சொல்கிறார்கள். யூனிகோடில் அடித்தால் தமிழும் குறியீடும் அருகருகே சரியாக நிற்கும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தால் கவனம் தேவை. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. m அடித்தால் அ, s அடித்தால் ள. kg அடித்தால் "மப" என்று வரும். குறியீடு வரும் ஒவ்வோர் இடத்திலும் எழுத்துருவை மாற்ற வேண்டும், அதில் ஓரிரண்டு எப்போதும் தப்பிவிடும். அச்செடுத்த தாளில் எண்ணுக்குப் பின்னால் தனியாக நிற்கும் "அ", "ள" இருக்கிறதா என்று பேனாவோடு ஒரு முறை பாருங்கள்.

எண் ஒரு வரியின் கடைசியிலும் அலகு அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து போகாமல் இருக்க, வேர்டிலும் லிப்ரேஆஃபிஸிலும் சாதாரண இடைவெளிக்குப் பதில் `Ctrl+Shift+Space` அடியுங்கள்.

ஒப்படைக்கும் முன் இருவழிப் படிப்பு

ஆங்கில வழியில் படிக்கும் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரெக்கார்டை நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கலைச்சொல் வரும் இடமெல்லாம் அவர் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு வகைத் தடங்கல் வரும். "அலைவு", "அதிர்வு" இரண்டுக்கும் அவர் ஆசிலேஷன் என்றே சொன்னால், உங்களிடம் ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருக்கிறது, ஒன்றை அடியுங்கள். "நேரம்" என்று நீங்கள் படிக்கும்போது ஒரு முறை டைம் என்றும் இன்னொரு முறை டைம் பீரியட் என்றும் சொன்னாலோ, எது என்று தயங்கினாலோ, உங்கள் ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது, அதைப் பிரியுங்கள். இரண்டாவது வகைதான் விடையைக் கெடுப்பது.

முதலில் சொன்ன மாணவியும் தன் தோழியோடு இப்படித்தான் உட்கார்ந்தார். முதல் வரியிலேயே தோழி தயங்கினார். "20 அலைவுகளுக்கான அலைவு நேரம்னா டைம் பீரியடா, டோட்டல் டைமா?" என்று கேட்டார். இவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவது "அலைவு" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் t என்று எழுதினார். பிறகு கீழே போய் 40.2-ஐ 20-ஆல் வகுக்கத் தொடங்கினார்.